கார்த்திகை முதல் நாள் மாலை போட்டால் 41-ஆம் நாள் எங்கே போய் நிற்கும்?

2025 கார்த்திகையில் முதல் தடவையாக சபரிமலைக்கு மாலை போட்டேன். ஊரில் எங்கள் தெருவிலிருந்து வருடா வருடம் ஒரு குழு வேன் வைத்துப் போகும். வேலை சென்னைக்கு மாறிய பிறகு அவர்களோடு சேர வழியில்லை. அவர்கள் கார்த்திகைக் கடைசியிலேயே புறப்பட்டுவிடுவார்கள். எனக்கோ 41 நாளும் முழுசாக இருந்துவிட்டுத்தான் படி ஏற வேண்டும் என்று பிடிவாதம். அதனால் குருசாமியும் இல்லை, குழுவும் இல்லை, தனியாகத்தான் இருந்தேன். எதைச் சாப்பிடக்கூடாது, எங்கே படுக்கக்கூடாது என்று சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள். எந்தத் தேதியில் மாலை போட்டால் எந்தத் தேதியில் மலையில் நிற்க முடியும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதனால் ரயில் டிக்கெட் போனது, கூடுதலாக இரண்டு நாள் விடுப்பு போனது, ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கமும் போனது. அடுத்த வருடம் தனியாக மாலை போடப்போகிற கன்னிசாமி யாராவது இருந்தால் இதைப் படித்துவிட்டு நாள்காட்டியைக் கையில் எடுக்கட்டும்.

முதலில் கணக்கு. அந்த வருடம் கார்த்திகை 1 என்பது நவம்பர் 17, திங்கட்கிழமை. மாலை போட்ட நாளே விரதத்தின் முதல் நாள். நவம்பரில் 17 முதல் 30 வரை 14 நாள். மீதி 27 நாள் டிசம்பரில். ஆக 41-ஆம் நாள் டிசம்பர் 27. தமிழ்க் கணக்கில் பார்த்தாலும் அதேதான்: அந்தக் கார்த்திகைக்கு 29 நாள், மீதி 12 நாள், மார்கழி 12. கார்த்திகைக்கு 30 நாள் வருகிற வருடத்தில் அது மார்கழி 11 ஆகும். சபரிமலையில் மண்டல பூஜை நடப்பதும் இதே நாளில்தான், ஏனென்றால் கோவிலும் நம்மோடு சேர்ந்து அதே முதல் தேதியிலிருந்துதான் எண்ணுகிறது. இங்கேதான் நான் ஏமாந்தேன். 41 நாள் முடியட்டும், 42-ஆம் நாள் காலையில் மலை ஏறுவோம் என்று நினைத்து 27-ஆம் தேதி ராத்திரி சென்னையிலிருந்து செங்கன்னூருக்கு ரயிலில் டிக்கெட் எடுத்திருந்தேன். 28-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, விடுப்பும் மிச்சம் என்று சந்தோஷம் வேறு. மண்டல பூஜை முடிந்த அன்று இரவே நடை சாத்திவிடுவார்கள், மகரவிளக்குக்காக டிசம்பர் 30 மாலைதான் திரும்பத் திறப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. 28, 29 இரண்டு நாளும் அங்கே தரிசனமே கிடையாது.

இது எனக்குத் தெரிய வந்தது 33-ஆம் நாள், டிசம்பர் 19. அன்றைக்குத்தான் sabarimalaonline.org பக்கத்தில் வரிசைக்கு முன்பதிவு செய்ய உட்கார்ந்தேன். அவ்வளவு நாள் கழித்துப் பார்த்ததே தப்பு. 28-ஐத் தேடினால் பட்டியலில் இல்லை. சரி, ஒரு நாள் முன்னால் 27-க்கே போய்விடலாம் என்று பார்த்தால் அதுவும் இல்லை, 26-உம் இல்லை. ஆரன்முளை பார்த்தசாரதி கோவிலிலிருந்து தங்க அங்கி ஊர்வலமாக வந்து மண்டல பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் சன்னிதானம் சேரும். திருவாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் 1973-இல் கொடுத்த அங்கி அது. அந்த இரண்டு நாளும் கூட்டம் உச்சத்தில் இருக்கும், அதனால் விடுகிற இடங்களையும் குறைத்துவிடுவார்கள். 33 நாள் ஒழுங்காக இருந்துவிட்டு, போகிற தேதியில் கோட்டை விட்டோமே என்று அன்று ராத்திரி பாயில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் வீட்டுக்குப் பக்கத்து ஐயப்பன் கோவிலில் இருந்த ஒரு பெரிய குருசாமியிடம் போய் நின்றேன். அவர் கேட்டதும் பதறவில்லை. "மாலையைக் கழட்டிடாதீங்க சாமி. 41 நாளுங்கிறது குறைஞ்சபட்சம்தான். மேல எத்தனை நாள் ஆனாலும் விரதம் விரதம்தான். நடை தெறந்ததுக்கு அப்புறம் தேதி பாருங்க" என்றார். பார்த்தேன். ஜனவரி 3 மத்தியானம் ஒரு இடம் கிடைத்தது. எண்ணினால் அது 48-ஆம் நாள். நம் பக்கத்தில் மண்டலம் என்றால் 48 நாள்தானே, கும்பாபிஷேகத்துக்குப் பிறகு மண்டலாபிஷேகம் நடத்துவதும் நாட்டு மருந்து சாப்பிடுவதும் அந்தக் கணக்கில்தான். அதை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். இதையே ஒரு குழப்பமாகவும் பார்த்திருக்கிறேன்: மண்டலம் என்ற சொல்லைக் கேட்டதும் 48 என்று எடுத்துக்கொண்டு தேதி போட்டுவிடுகிறவர்கள் உண்டு. சபரிமலைக்கு அது 41.

ரயில் டிக்கெட் இரண்டையும் ரத்து செய்ததில் பிடித்தது போக, புதிதாக ரயிலில் இடம் கிடைக்காமல் சீசன் விலைக்கு ஆம்னி பஸ் எடுத்ததில் மூவாயிரத்துக்கு மேல் கூடுதலாகப் போனது. பணம் கூடப் பரவாயில்லை. அலுவலகத்தில் தேதி மாற்றிக் கேட்டுக் கெஞ்சியதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆகவே முன்னால் எண்ணாதீர்கள், பின்னால் எண்ணுங்கள். முதலில் படி ஏறும் தேதியை முடிவு செய்யுங்கள். அந்தத் தேதியிலிருந்து 40 நாள் பின்னால் போனால் மாலை போட வேண்டிய கடைசி நாள் வரும். எனக்குக் கிடைத்த ஜனவரி 3-ஐயே எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் 3, டிசம்பரில் 31, ஆக 34. இன்னும் 7 வேண்டும், நவம்பர் 24. அதாவது கார்த்திகை 8-ஆம் தேதி மாலை போட்டிருந்தாலே 41 சரியாக வந்திருக்கும். இப்போது கூட்டம் சற்றுக் குறைவாக இருக்கட்டும், டிசம்பர் 10 போகலாம் என்று ஒருவர் நினைக்கிறார் என்று வையுங்கள். டிசம்பரில் 10, நவம்பரில் 30, ஆக 40. இன்னும் ஒன்று, அக்டோபர் 31. அது ஐப்பசி 14. ஐப்பசியிலேயே மாலை போட்டால்தான் டிசம்பர் 10-க்கு 41 நிறையும். கார்த்திகை முதல் தேதிதான் மாலை போடுவேன், 41-உம் முழுசாக வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் மண்டல காலத்தில் உங்களுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு நாள், அதுவும் மண்டல பூஜை நாள். அந்த நாளுக்கு இடம் வேண்டுமென்றால் முன்பதிவு திறந்த உடனேயே எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் டிசம்பர் 30-க்குப் பிறகு, மகரவிளக்குக் காலத்தில் போக வேண்டும். இந்த மூன்று வழியில் எது என்று மாலை போடுவதற்கு முன்பே தீர்மானித்துக்கொண்டால் என் நிலை வராது. எனக்கு இப்போது பிடித்தது மூன்றாவது வழி. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு, சில நாள் கூடுதலாகவே இருந்து, ஜனவரி முதல் வாரத்தில் போவது. நடுவில் ஒரு நாள் தப்பினாலும் கணக்கு இடிக்காது.

இனி அந்த நாட்கள் எப்படிப் போயின என்று சொல்கிறேன். விடியுமுன் ஒரு குளியல், பொழுது சாய்ந்து ஒரு குளியல், விளக்கேற்றிச் சரணம், மத்தியானம் ஒரு வேளை சோறு, ராத்திரி இட்லியோ தோசையோ பலகாரம். முதல் பத்து நாள் உற்சாகத்திலேயே ஓடிவிடும். கஷ்டம் பசியில் வரும் என்று நினைத்தேன். வந்தது துணியிலும் காலிலும்தான். கார்த்திகை சென்னையில் அடைமழைக் காலம். இரண்டே இரண்டு கறுப்பு வேட்டி வாங்கியிருந்தேன். ஒரு நாளைக்கு இரண்டு குளியல் என்றால் இரண்டு தடவை துவைத்தாக வேண்டும், வெயிலே இல்லை, எதுவும் காயவில்லை. ஈரம் போகாத வேட்டியையே இடுப்பில் கட்டிக்கொண்டு போனதில் இரண்டாவது வாரம் தொடை இடுக்கில் அரிப்பு, பிறகு வட்ட வட்டமாகப் படை. தோல் மருத்துவர் களிம்பு கொடுத்துவிட்டு, காய்ந்த துணிதான் மருந்து என்றார். நாலு வேட்டி, நாலு துண்டு இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. புது கறுப்பு வேட்டியை முதலில் கல் உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டுத் தனியாக அலசுங்கள். என்னுடையது சாயம் இறங்கி வீட்டிலிருந்த வெள்ளைத் துணியெல்லாம் சாம்பல் நிறம் ஆனது.

கால் விஷயம் இன்னும் முக்கியம். செருப்பு இல்லாமல் நடந்து பழகாத பாதம் மூன்றாவது வாரத்தில் குதிகாலில் வெடிக்கும். வெடிப்பில் தெருத் தண்ணீர் இறங்கினால் சீழ் பிடிக்கும். சாயங்காலக் குளியலில் பீர்க்கங்கூடால் தேய்த்து, துடைத்து, ஈரம் போன பிறகு தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தேன். அதற்கப்புறம் புதிதாக வெடிக்கவில்லை. தினமும் அரை மணி நேரம் வெறுங்காலோடு வேகமாக நடந்ததும், மாடிப்படி ஏறி இறங்கியதும் பம்பையிலிருந்து நீலிமலை ஏறும்போது கை கொடுத்தது. அந்த ஏற்றம் சன்னிதானம் வரை 5 கிலோமீட்டர்தான், ஆனால் அப்பாச்சிமேடு வரை செங்குத்து. சர்க்கரை நோயாளிகள் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் தெருவில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, ஒரு வேளைச் சாப்பாடு என்ற ஒழுங்கையும் மருத்துவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. விரதம் என்று சொல்லி மாத்திரையை நிறுத்தவே கூடாது. கேரள சுகாதாரத் துறையும் ஒவ்வொரு சீசனிலும் இதைத்தான் சொல்கிறது. நான் கேட்ட குருசாமியும் "மருந்து விரதத்தைக் கெடுக்காது சாமி" என்றுதான் சொன்னார்.

மாலை அறுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு நிறைய இருந்தது. அறுந்தும் போனது, பஸ் நெரிசலில், 26-ஆம் நாள். உதிர்ந்த மணிகளைப் பொறுக்கிக்கொண்டு கை நடுங்க நின்றேன். விரதம் அதனால் முறிவதில்லை. மணிகளைத் திரும்பக் கோத்து சாமி முன்னால் வைத்துச் சரணம் சொல்லிப் போட்டுக்கொள்ளலாம். நூலில் கோத்த மாலையாக வாங்காமல் கம்பியில் கட்டியதாக வாங்குங்கள், கூடவே துணைமாலை ஒன்று சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று அறுந்தால் இன்னொன்று கழுத்தில் இருக்கும். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால்தான் மாலையைக் கழற்ற வேண்டி வரும், அந்த வருடப் பயணமும் நின்றுபோகும். அப்படி வந்தால் குருசாமியைக் கேட்டுச் செய்வதே நல்லது.

அடுத்தது இருமுடி. தனியாகப் போகிறவருக்கு யார் கட்டிவிடுவார்கள் என்ற கவலையே வேண்டாம். பக்கத்து ஐயப்பன் கோவிலில் முன்கூட்டிச் சொல்லி வைத்தால் கட்டிக் கொடுப்பார்கள். முடியாமல் போனால் பம்பை கணபதி கோவிலிலேயே கட்டு நிறைக்கலாம். இருமுடி தலையில் இல்லாமல் பதினெட்டாம் படி ஏற முடியாது, அதனால் இதில் மட்டும் கடைசி நேரத்தை நம்ப வேண்டாம். முன்முடி சாமிக்கு, பின்முடி நமக்கு. பட்டியல் குழுவுக்குக் குழு மாறும், ஆனால் முன்முடியின் உயிர் நெய்த்தேங்காய்தான். அதைக் கெடுக்காமல் கொண்டு போய்ச் சேர்ப்பதில்தான் வேலை இருக்கிறது.

தேங்காய் நன்றாக முற்றியதாக இருக்க வேண்டும். கண் மூன்றும் காய்ந்திருக்க வேண்டும். கண்ணைச் சுற்றி ஈரக்கசிவோ பூஞ்சையோ இருந்தால் அது உள்ளே விரிசல் விட்ட காய். நாரை முழுக்கச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு வழுவழுப்பாகத் தேயுங்கள். மூன்று கண்ணில் மெத்தென்று இருக்கிற ஒன்றை மட்டும் குத்தித் திறந்து தண்ணீரை வடியுங்கள். அதற்கப்புறம்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். வடித்த தேங்காயைக் கவிழ்த்து இரண்டு மூன்று மணி நேரமாவது வைக்க வேண்டும். உள்ளே ஒரு ஸ்பூன் தண்ணீர் தங்கினாலும் நெய்யோடு சேர்ந்து இரண்டு நாளில் புளித்த வாடை வந்துவிடும். நெய் கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. சூடாக ஊற்றினால் பருப்பு வெந்துபோகும், நெய் ஆறிச் சுருங்கி மேலே இடைவெளியும் விடும். அந்த இடைவெளியில்தான் பஸ்ஸில் அலம்பி அலம்பி மூடியைத் தள்ளும். கை பொறுக்கிற வெதுவெதுப்பில், சரணம் சொல்லிக்கொண்டே, கண் வாய் வரை நிறைத்து, ஆறிய பின் இறங்கினதைத் திரும்ப நிரப்பிவிட்டுத்தான் தக்கை வைக்க வேண்டும். தக்கைக்கு மேல் அப்பள மாவைப் பிசைந்து ஒட்டினால் கசியாது. எனக்கு அமைந்த தேங்காய்க்கு ஏறத்தாழ 200 மில்லி பிடித்தது. அரை லிட்டர் பசு நெய் வாங்கினால் தாராளம். கட்டுவதற்கு முன் காதருகில் வைத்துக் குலுக்கிப் பாருங்கள். சத்தமே கேட்கக் கூடாது. களக்களக் என்றால் இன்னும் நிரப்ப வேண்டும். இதை ஒரு வாரம் முன்னதாக வீட்டில் செய்து வைக்க நினைக்காதீர்கள். நெய் நிறைப்பதே கட்டு நிறைக்கும் சடங்கின் பகுதி, புறப்படும் அன்றைக்குச் செய்வதுதான் முறையும், தேங்காய்க்கு நல்லதும்.

கற்பூரம், சாம்பிராணி, பன்னீர் மூன்றையும் இருமுடியில் கொண்டுவர வேண்டாம் என்று சபரிமலைத் தந்திரியே கேட்டுக்கொண்டிருக்கிறார். பிளாஸ்டிக்கும் அங்கே கூடாது. கடையில் ஆயத்தமாக விற்கிற இருமுடிப் பொருள் பையில் பாதி இதுதான் இருக்கிறது. நான் மஞ்சள், அவல், வெல்லம், உலர்ந்த திராட்சை எல்லாவற்றையும் துண்டுத் துணியில் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டிக்கொண்டேன். சுமையும் குறைந்தது, எடுக்கவும் எளிதாக இருந்தது.

நான் செய்த இரண்டாவது தப்பு முன்பதிவு நேரத்தில். மத்தியானம் 3 மணி இடம் எடுத்திருந்தேன். படி ஏறி, 48-ஆம் நாள் பொழுது சாய்ந்த பிறகு சாமி முன்னால் நின்றபோது வேறு எதுவும் மனதில் இல்லை. வெளியே வந்து நெய்த்தேங்காயை எங்கே கொடுப்பது என்று கேட்டபோதுதான் நெய்யபிஷேகம் விடிகாலையில் தொடங்கி மத்தியானத்துக்கு முன்பே முடிந்துவிடும் என்று சொன்னார்கள். மத்தியானத்துக்கு மேல் ஏறுகிறவர் ராத்திரி சன்னிதானத்தில் தங்கித்தான் ஆக வேண்டும். விரி என்று அங்கே சொல்கிற படுக்கும் இடத்தை வாடகைக்கு எடுத்துப் படுத்தேன். திரும்பும் பஸ் அன்று ராத்திரிக்கு எடுத்திருந்ததால் அந்தக் காசும் போனது. உங்களால் முடிந்தால் விடிகாலை நேரமாக எடுங்கள். கிடைக்காவிட்டால் தங்குவதற்கு ஒரு ராத்திரியைச் சேர்த்தே திரும்பும் டிக்கெட் போடுங்கள். சரியாக வராது என்று தெரிந்தால் அபிஷேகம் செய்த நெய்யை அங்கே கவுண்டரில் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் 41 நாள் இருந்து நிறைத்த நெய் சாமி மேல் விழ வேண்டும் என்றுதான் யாருக்கும் ஆசை இருக்கும்.

மறுநாள் விடிகாலை வரிசையில் நின்று தேங்காயை உடைத்தேன். நெய் வெண்ணிறத்தில் உறைந்து, தேங்காய் வடிவத்திலேயே உருண்டையாக வந்தது. புளித்த வாடை இல்லை. அதை ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்து, அபிஷேகம் ஆன நெய்யைச் சின்னப் பித்தளைச் செம்பில் வாங்கிக்கொண்டேன். வெறும் மூடி சன்னிதானத்தில் எரிகிற ஆழி நெருப்புக்குப் போனது.

மாலையைப் பம்பையிலேயே கழற்றி பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்களை வழியெல்லாம் பார்த்தேன். வீட்டுக்கு வந்து விளக்கு முன்னால் நின்று கழற்றுவதுதான் முறை; குருசாமி இல்லாதவருக்குத் தாய் கழற்றலாம். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். வாசலில் தேங்காய் உடைத்து, இருமுடியை இறக்கி, பின்முடியில் மிஞ்சிய அரிசியைப் பொங்கலுக்கு எடுத்து வைத்த பிறகு அவள் கையால் கழற்றி ஒரு கிண்ணம் பாலில் போட்டாள். பிறகு கழுவித் துடைத்து, அடுத்த கார்த்திகைக்கு என்று சாமி படத்தில் மாட்டினாள். செம்பு நெய்யில் ஒரு சொட்டை என் நெற்றியில் வைத்துவிட்டு, மிச்சத்தைப் பக்கத்து வீடுகளுக்குப் பங்கு வைக்கக் கிளம்பினாள்.